எல்லாம் சேர்த்து ஒரே விலையா, பிரித்துப் போடுவதா? திருகோணமலையில் மணப்பெண் அலங்காரத்துக்கு விலைப்பட்டியல் போடுவது

திருகோணமலையில் மணப்பெண் அலங்காரம் செய்யத் தொடங்கும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது "என்ன விலை போடலாம் அக்கா?" என்பதைத்தான். நான் திருப்பிக் கேட்பது வேறு. அந்த விலைக்குள் எதை வைக்கப் போகிறீர்கள், எதை வெளியே நிறுத்தப் போகிறீர்கள்? உவர்மலையில் காலை ஒன்பதரை முகூர்த்தமும் மூதூரில் காலை ஏழு மணி முகூர்த்தமும் ஒரே மேக்கப், ஒரே கொண்டை, ஒரே கூறைச்சேலைதான். ஆனால் ஒன்றுக்கு அன்று விடியப்புறம் ஓட்டோவில் போய் இறங்கலாம். மற்றதற்கு முதல்நாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட வேண்டும்.

அதனால் ஒரு கல்யாணத்தை எடுத்து, மூன்று விதமான பட்டியலில் அது என்ன ஆகிறது என்று பார்ப்போம். இங்கே வரும் ரூபாக் கணக்கெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்க நான் வைத்துக்கொண்ட உதாரணத் தொகைகள். உங்கள் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

பெண் வீடு மூதூர். தாலி கட்டும் நேரம் காலை 7.10இலிருந்து 7.50க்குள். பின்னேரம் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் ரிசெப்ஷன். அலங்காரம் செய்பவர் இருப்பது உப்புவெளியில், கூட ஓர் உதவியாள்.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். நம் முறைப்படி பொம்பிளை முதலில் ஒரு சேலையோடு மணவறைக்கு வருகிறாள். கூறையை வாங்கிக்கொண்டு உள்ளே போய் அதை உடுத்துத் திரும்பி வந்த பிறகுதான் தாலி. ஆகவே 7.10க்குத் தாலி என்றால் ஆறு மணிக்கே அவள் மண்டபத்தில் இருக்க வேண்டும், வீட்டிலிருந்து 5.45க்குப் புறப்பட வேண்டும். மேக்கப்புக்கு ஒன்றரை மணித்தியாலம், சடைநாகமும் பூவும் வைத்துத் தலை முடிக்க முக்கால் மணித்தியாலம், சேலையும் நகையும் போட இன்னொரு முக்கால் மணித்தியாலம். மொத்தம் மூன்று மணித்தியாலம் என்று வைத்தால் 2.45க்குப் பெண் கதிரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். கொட்டியாரக்குடாவுக்கு இந்தக் கரையில் நின்று பார்த்தால் மூதூர் பக்கத்தில் இருப்பது போலத் தெரியும். தரைவழியோ சீனக்குடா, கிண்ணியா என்று குடாவைச் சுற்றிக்கொண்டு கிட்டத்தட்ட 40 கிலோமீற்றர். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பாதை எவ்வளவோ இலகுவாகிவிட்டது. ஆனாலும் நள்ளிரவு தாண்டி இரண்டு பெண்கள் வான் பிடித்துப் புறப்பட்டு, அப்புறம் நாள் முழுக்க நின்று வேலை செய்வது நடக்கிற காரியம் இல்லை. முதல்நாள் இரவே போய்த் தங்க வேண்டும்.

இந்தக் கல்யாணத்தை மனதில் வைத்துக்கொண்டு பட்டியல்களுக்கு வருவோம்.

மூன்று பட்டியல்கள்

முதலாவது, எல்லாம் உள்ளடங்கிய ஒரே விலை. முகூர்த்தம், கூறை மாற்று, ரிசெப்ஷன், டிரையல், போக்குவரத்து எல்லாம் சேர்த்து 90,000 ரூபா. வீட்டுக்காரருக்கு இது பிடிக்கும். ஒரு தொகையைச் சொன்னால் போதும், பிறகு பேச்சில்லை. ஆனால் இதே பெண் திருகோணமலை ரவுணுக்குள் இருந்தால் நமக்கு ஆகும் செலவு எவ்வளவோ குறைவு. அப்போதும் அவள் 90,000தான் கட்டுகிறாள். அதாவது மூதூர்ப் பெண்ணின் வான் கூலியில் ஒரு பங்கை ரவுண் பெண் கட்டுகிறாள். இரண்டு மூன்று இடத்தில் விசாரிக்கிற ரவுண் பெண்ணுக்கு இது விலை கூடத் தெரியும், அவள் வேறு ஆளிடம் போய்விடுவாள். தூரத்துப் பெண்களுக்கோ மலிவாகத் தெரியும், அவர்கள் வருவார்கள். ஒரு சீசன் முடிந்து பார்க்கும்போது கையில் இருப்பதெல்லாம் புல்மோட்டையும் வெருகலும்தான், 90,000 என்று கணக்குப் போட்டபோது நினைத்திருந்த ரவுண் வேலைகள் இல்லை. இந்தப் பட்டியலில் எனக்கு இருக்கும் பெரிய பயம் இதுதான். ஒரு கல்யாணத்தில் பார்த்தால் நட்டம் தெரியாது, யார் யார் வருகிறார்கள் என்பதே மெல்ல மாறிக்கொண்டு போகும்.

இரண்டாவது, குறைந்த அடிவிலையும் மேலதிகங்களும். மேக்கப்பும் தலையும் 30,000 என்று விளம்பரத்தில் போடுவது. பிறகு கூறை மாற்ற நிற்பதற்கு 12,000, இரண்டாவது சேலைக்கு 4,000, ஒட்டு இமைக்கு 2,500, சடைநாகம் பொருத்த 3,000, நாலு மணிக்கு முன் தொடங்கினால் 5,000, டிரையல் 7,000, ரிசெப்ஷன் 30,000, போக்குவரத்து 12,000, தங்கல் 5,000. நம் மூதூர்ப் பெண்ணுக்குக் கூட்டினால் 110,500 ரூபா. தொகை அநியாயம் என்று நான் சொல்லவில்லை. 30,000 என்று கேட்டு வந்த தாய்க்கு அது எந்த நேரத்தில் தெரிய வருகிறது என்பதுதான் பிரச்சினை. கூறை மாற்றாத இந்துக் கல்யாணம் கிடையாது. அதை மேலதிகம் என்று எழுதினால், கட்டாயம் வேண்டியதை மறைத்து வைத்து விலை சொன்னதாகத்தான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அதைவிட மோசம், காசை மிச்சம் பிடிக்க "அது நாங்களே மாத்துவம்" என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? ஐயர் "பொம்பிளையைக் கூட்டி வாங்கோ" என்று கூப்பிடும் நேரத்தில் ஒரு சித்தியும் ஒரு மச்சாளும் சேர்ந்து புதுக் கூறைக்கு மடிப்பு எடுத்துக்கொண்டிருப்பார்கள். பட்டு விறைப்பாக நிற்கும், சடைநாகம் ஒரு பக்கம் இழுபடும். அந்தப் படங்களில் இருப்பது உங்கள் பெயரிலுள்ள வேலை. கைபழகிய இரண்டு பேர் கூறை மாற்றுவதை 15, 20 நிமிடத்தில் செய்துவிடுவார்கள்.

மூன்றாவது, நிகழ்வை வைத்துப் பெக்கேஜ் பிரித்து, தூரத்தை மட்டும் தனி வரியில் காட்டுவது. நான் இதன் பக்கம்தான். வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று பெயர் வைப்பதால் யாருக்கும் எதுவும் புரிவதில்லை. "முகூர்த்தம்" என்று ஒன்று, "முகூர்த்தமும் ரிசெப்ஷனும்" என்று ஒன்று, கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு "நிக்காஹ், வலீமா" என்று ஒன்று. எழுத்து, பொன்னுருக்கல் போன்றவற்றுக்கு ஒரு சின்னப் பெக்கேஜ் போதும். ஒவ்வொன்றிலும் அந்த நிகழ்வு நடக்கக் கட்டாயம் தேவையான எல்லாம் உள்ளே இருக்க வேண்டும். முகூர்த்தப் பெக்கேஜ் 55,000 என்றால் இரண்டு சேலை, கூறை மாற்றும் வரை நிற்பது, ஒட்டு இமை, சடைநாகம் பொருத்துவது, ஒரு டிரையல் எல்லாம் அதற்குள். ரிசெப்ஷன் சேர்ந்தால் 85,000. மூதூர் வலயத்துக்கு 12,000, இரவு தங்கலுக்கு 5,000. ஆக 102,000 ரூபா. ரவுண் பெண்ணுக்கு அதே வேலை 85,000. இரண்டு பேருக்கும் தாங்கள் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரியும்.

தாய், சகோதரி, தோழிப்பெண் ஆகியோரின் அலங்காரத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று தனியாகப் போடுங்கள். அந்த ஆட்களின் எண்ணிக்கையை இரண்டு கிழமைக்கு முன்னரே உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். விடியப்புறம் மூன்று மணிக்கு "பெரியம்மாவுக்கும் ஒருக்கா" என்று வருவது மணப்பெண்ணின் நேரத்தைத்தான் தின்னும்.

டிரையல்: இலவசமா, காசுக்கா, கழிக்கிறதா?

இலவச டிரையல் ஆள் சேர்க்கும், ஆனால் நாளைச் சாப்பிடும். ஒரு டிரையலுக்கு இரண்டரை மணித்தியாலமும் பவுண்டேஷன், இமை, தலைக்கு ஸ்பிரே என்று உண்மையான சாமான் செலவும் உண்டு. இலவசம் என்றால் ஒரு பெண் நான்கு இடத்தில் முகத்தைக் கொடுத்துப் பார்ப்பாள், அதில் அவளைக் குறை சொல்ல முடியாது. முழுக்கத் தனிக் காசு என்றால் டிரையலே வேண்டாம் என்று விடுகிறார்கள். அதில் ஆபத்து அவளுக்கும் உண்டு, நமக்கும் உண்டு. நடுவில் உள்ளது, 7,000 வாங்கி, ஒரு கிழமைக்குள் புக் பண்ணினால் அதை முழுவதும் பெக்கேஜ் தொகையில் கழிப்பது. புக் பண்ணாவிட்டால் அது செய்த வேலைக்கான கூலி. மேலே சொன்ன 55,000க்குள் டிரையல் இருப்பது இப்படித்தான்.

கழிக்கிற முறையில் ஒரு சிக்கல் வரும். ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தங்கள் வரும்போது ஒரே நாளை மூன்று பேர் கேட்பார்கள். டிரையல் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்கிற பெண்ணுக்காக நாளை எவ்வளவு காலம் பிடித்து வைப்பது? டிரையல் முடிந்து மூன்று நாள் என்று நான் சொல்வேன். அதற்குள் அட்வான்ஸ் வராவிட்டால் நாள் அடுத்த ஆளுக்கு. இதை டிரையலுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

டிரையல் காசுக்கு உரியதாக வேண்டுமென்றால் அதில் உண்மையான சோதனை நடக்க வேண்டும். கண்ணாடியில் அழகாகத் தெரிந்தால் போதாது. இங்கே வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் முகம் முதலில் விடுவது மூக்கின் இரு ஓரமும் மேலுதட்டுக்கு மேலும்தான். பெண்ணை அப்படியே வீட்டுக்கு அனுப்பி, ஐந்தாறு மணித்தியாலம் கழித்து ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றும் பிளாஷ் போட்டு ஒன்றுமாக இரண்டு படம் அனுப்பச் சொல்லுங்கள். பவுண்டேஷன் நேரம் போகப் போகக் கறுக்கிறதா, தாடையும் கழுத்தும் வேறு நிறமாகப் பிரிகிறதா என்று முதல் படம் காட்டும். பிளாஷ் படத்தில் கண்ணுக்குக் கீழும் மூக்கின் மேலும் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக வந்தால், அது சிலிக்கா கலந்த நிறமில்லாத பவுடர் கூடியதால் வருவது. வெயிலுக்குப் பூசும் சில சன்ஸ்கிறீன்களும் அப்படிச் செய்யும். ஹோட்டல் ரிசெப்ஷனில் எடுக்கப்படுவதெல்லாம் பிளாஷ் படங்கள்தான்.

ஓமப் புகையையும் மறக்கக் கூடாது. மணவறையில் கண் எரிந்து நீர் வரும். டிரையலிலேயே தண்ணீரில் கரையாத மஸ்காராவைப் போட்டுப் பார்க்க வேண்டும். இமை ஒட்டும் பசையைக் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து, ஒன்றிரண்டு நாள் கடி, சிவப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். சில பசைகளில் லேட்டெக்ஸ் இருக்கிறது, அது சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. இதனால்தான் கல்யாணத்துக்கு முதல்நாள் டிரையல் கேட்டால் நான் ஒப்புக்கொள்வதில்லை. கனடா, லண்டனிலிருந்து வருகிற பொம்பிளைகள் பத்து நாள்தான் இங்கே நிற்பார்கள் என்றால், வந்திறங்கி இரண்டாம் மூன்றாம் நாளே டிரையலை வைத்துவிடுங்கள். வீடியோ அழைப்பில் தோல் நிறம் பார்த்து பவுண்டேஷன் தெரிவு செய்யாதீர்கள். அங்கே இருந்த நிறத்தோடு இங்கே கல்யாண நாளில் அவள் இருக்க மாட்டாள், வெயில் மாற்றியிருக்கும்.

அட்வான்ஸ்: எவ்வளவு, எப்போது?

அட்வான்ஸ் என்பது அந்த நாளுக்கான காசு. நாம் ஒரு பெண்ணுக்கு "சரி" என்று சொன்ன கணத்தில் அந்த நாளை வேறு எல்லோருக்கும் மூடுகிறோம். அந்த நாள் வெறுமையாகப் போனால் நமக்கு என்ன போகும், அதை இன்னொருவருக்குக் கொடுக்க எவ்வளவு காலம் இருக்கிறது என்ற இரண்டையும் வைத்துத்தான் தொகையைத் தீர்மானிக்க வேண்டும்.

தட்டையாக 10,000 வாங்குவது கேட்க லேசு. இரண்டு மாதத்துக்கு முன் கல்யாணம் நின்றால் அது போதும், நாள் திரும்ப நிரம்பிவிடும். ஒன்பது நாளுக்கு முன் நின்றால் உதவியாளுக்குச் சொன்ன வாக்கு, வாங்கிய சாமான், கைவிட்ட இன்னொரு கல்யாணம் எல்லாவற்றுக்கும் அந்தப் பத்தாயிரம்தான் மிஞ்சும். நேர்மாறாகப் புக் பண்ணும்போதே பாதி வாங்குவது நமக்குப் பாதுகாப்பு. ஆனால் ஆறு மாதத்துக்கு முன் 51,000 கொடுத்தவர்கள் இரண்டு மாதம் கழித்து நிறுத்தினால், அதை முழுக்க வைத்துக்கொள்ள உங்களுக்கும் மனம் வராது, அவர்களும் விடமாட்டார்கள். திருகோணமலை சின்ன ஊர். அப்படியொரு சண்டை மண்டபக்காரர், படக்காரர் எல்லோர் வாயிலும் போய்விடும்.

படிப்படியாக வாங்குவதுதான் காலத்தோடு ஒத்துப்போகிறது. நம் உதாரணத்தில் டிரையலுக்கு 7,000 வந்தாயிற்று. புக் பண்ணும்போது பெக்கேஜ் தொகையான 85,000இல் ஐந்திலொரு பங்கு, 17,000. கல்யாணத்துக்கு 14 நாள் இருக்கும்போது இன்னும் 27,000. இப்போது கையில் 51,000, மொத்தத்தில் சரிபாதி. மிச்சம் 51,000 முதல்நாள் இரவு நாம் மூதூர் போய்ச் சேர்ந்ததும். காலையில் வாங்குவோம் என்று விடாதீர்கள். காலையில் தகப்பன் மாப்பிள்ளை அழைப்பில் நிற்பார், தாய் ஆலாத்தித் தட்டோடு நிற்பார், யாரிடம் கேட்பது? நிறுத்தினால் திருப்பித் தராதது 14 நாளுக்கு முன் என்றால் டிரையலும் அந்த 17,000உம் மட்டும், அதற்குப் பின் என்றால் கட்டியது முழுவதும். இரண்டையும் பட்டியலிலேயே எழுதிவிட வேண்டும்.

நிறுத்துவது வேறு, தள்ளிப்போடுவது வேறு. நம் வீடுகளில் கல்யாணம் தள்ளிப்போவதற்குப் பெரிய காரணம் நெருங்கிய சொந்தத்தில் ஒரு சாவு. துடக்கு 31ஆம் நாள் வரை என்று இருப்பதால் அந்த முகூர்த்தம் தானாகவே போய்விடும். அந்த வீட்டில் போய் "அட்வான்ஸ் திரும்பாது" என்று சொல்ல வைக்கிற விதி எனக்கு வேண்டாம். கட்டிய காசு முழுவதும் ஆறு மாதத்துக்குள் நமக்கு வெறுமையாக உள்ள இன்னொரு நாளுக்கு ஒரு தடவை மாறும் என்று எழுதுங்கள். அதே போல, நமக்குக் காய்ச்சல் வந்து போக முடியாவிட்டால் என்ன என்பதையும் எழுதுங்கள்: பதிலுக்கு வருபவரைப் பெண் வீட்டார் ஏற்றுக்கொண்டால் அவர், இல்லையென்றால் கட்டிய காசு முழுவதும் திரும்பும். ஒரு பக்கத்தை மட்டும் கட்டுகிற விதியை யாரும் மதிப்பதில்லை.

நகை செட் வாடகைக்குக் கொடுப்பவர்கள் அதற்கு வாங்கும் பிணைக்காசை இந்த அட்வான்ஸோடு கலக்கக் கூடாது. அது ஒட்டியாணமும் நெற்றிப்பட்டமும் கல் உதிராமல் திரும்பி வந்ததும் அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டிய காசு. தனிப் பற்றுச்சீட்டு, தனித் தொகை. கொடுக்கும்போது ஒரு படம், வாங்கும்போது ஒரு படம்.

தூரம்: கிலோமீற்றரா, வலயமா, அவர்கள் வாகனமா?

"நாங்களே வான் அனுப்புறம்" என்பதுதான் அதிகம் கேட்கும் வார்த்தை. கேட்க நல்லது. ஆனால் கல்யாண வீட்டு வான் அன்று விடிய ஐயரையும் ஏற்ற வேண்டும், பூவும் எடுக்க வேண்டும், பஸ்ஸில் வந்திறங்கும் மாமாவையும் கூட்டி வர வேண்டும். அது நம்மிடம் 20 நிமிடம் பிந்தினால் அந்த 20 நிமிடம் மேக்கப்பில்தான் குறையும். ரவுணுக்குள் என்றால் ஒப்புக்கொள்ளலாம், அதற்கு அப்பால் நம் வாகனம்தான்.

கிலோமீற்றருக்கு இவ்வளவு என்பது நியாயமாகத் தெரியும், ஆனால் அது தூரத்தை மட்டும் அளக்கிறது. நிலாவெளிக்குப் பின்னேரம் போவதும் மூதூருக்கு முதல்நாள் போய் மறுநாள் வருவதும் வித்தியாசப்படுவது நேரத்தில்தான். வான்காரருக்குக் காத்து நிற்கும் கூலி, உதவியாளுக்கு இரண்டு நாள் சம்பளம், அந்த இரவில் நாம் எடுக்காத வேறு வேலை, எதுவும் கிலோமீற்றரில் வராது.

வலயம் பிரிப்பது இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. உப்புவெளியிலிருந்து பார்த்தால் ரவுண், உவர்மலை, சாம்பல்தீவு, சீனக்குடா வரை முதல் வலயம், அதற்குக் காசில்லை. நிலாவெளி, கிண்ணியா, தம்பலகாமம் இரண்டாவது. மூதூர், குச்சவெளி, கந்தளாய் மூன்றாவது. புல்மோட்டை, வெருகல், அதற்கு அப்பால் மட்டக்களப்புப் பக்கம் நான்காவது, அதற்கு எப்போதும் தங்கல் உண்டு. இதோடு ஒரு நேர விதியும் வேண்டும்: மூன்றாவது வலயத்தில் மேக்கப் விடியப்புறம் நாலு மணிக்கு முன் தொடங்க வேண்டியிருந்தால் தங்கல் கட்டணம் சேரும். நம் மூதூர் முகூர்த்தம் 10 மணிக்கு இருந்தால் அந்த 5,000 விழாது. வீட்டுக்காரர் முகூர்த்தத்தை மாற்றப் போவதில்லை, ஆனால் தொகை எதனால் வந்தது என்று அவர்களுக்கு விளங்கும். தங்க அவர்கள் வீட்டிலேயே கதவு பூட்டக்கூடிய ஓர் அறை தந்தால் அதைக் கழித்துவிடுங்கள்.

போக்குவரத்தைப் பெக்கேஜ் விலைக்குள் புதைக்காமல் தனி வரியாக வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஆறு மாதம் முன்னால் புக் பண்ணுகிற தொழில் இது. 2022 தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் அந்த ஜூன் கடைசியில் 470க்கு வந்து நின்றது. அந்த வருடம் உள்ளடங்கிய விலை சொன்னவர்கள் வாக்கைக் காப்பாற்றுவதா, கல்யாண வீட்டில் போய்க் கூடக் கேட்பதா என்று தவிக்க வேண்டியிருந்தது. தனி வரியாக இருந்தால் "வலயக் கட்டணம் கல்யாணத்துக்கு 14 நாளுக்கு முன் இருக்கும் எரிபொருள் விலைப்படி உறுதியாகும், பெக்கேஜ் விலை மாறாது" என்று ஒரு வசனம் போதும். இரண்டாவது தவணை வாங்குகிற நாளும் அதுதான் என்பதால், தொகையை உறுதிப்படுத்தி, ஆட்களின் எண்ணிக்கையைக் கேட்டு, புறப்படும் நேரத்தையும் எழுதி ஒரே வட்ஸ்அப் செய்தியாக அனுப்பிவிடலாம். அதைப் பெண்ணுக்கு மட்டும் அனுப்பாமல், காசு கொடுப்பவர் யாரோ, தகப்பனோ வெளிநாட்டு அண்ணனோ, அவருக்கும் சேர்த்து அனுப்புங்கள்.